நாய்க்கு ஏற்றிய கஞ்சி

எங்கள் டிஸ்பென்சரியில் ரசம் என்றால் ரசம் இல்லை, கஞ்சி என்றால் கஞ்சி இல்லை. இது எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரை தோன்றவே இல்லை.

மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். அவர் சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் வாத்தியார்கள். இவர் மட்டும் மிருக வைத்தியம் படித்தார். அதிலும் மாடு, குதிரையை விட்டுவிட்டு நாயைப் பிடித்துக்கொண்டார். யுத்தம் முடிந்த சமயம். அரிசிக்கும் ரேஷன், மண்ணெண்ணெய்க்கும் ரேஷன். டிராமுக்கு நிற்கிறவர்கள் எங்கள் போர்டைப் படித்துவிட்டு, "மன்சனுக்கே மருந்தக் காணோம், நாய்க்கு டாக்டராம்பா" என்று சொல்வது உள்ளே எனக்குக் கேட்கும். எனக்குக் கோபம் வராது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் இப்படி ஜனங்கள் வாயிலிருந்து பொறுக்கியதுதான்.

ரசம், கஞ்சி என்று பெயர் வைத்தவர் டாக்டர். ரசம் என்பது உப்புத் தண்ணீர். வாலையில் காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பை நிறுத்துப் போட்டு, வடிகட்டி, பாட்டிலோடு ஆவியில் வேகவைத்து நான் செய்வது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். கஞ்சி என்பது அதே உப்புத் தண்ணீரில் சுத்தமான வேலம் பிசினைக் கரைத்தது. எத்தனை தடவை வடித்தாலும் அதில் ஒரு மங்கல் இருக்கும், விரலில் பட்டால் வழவழக்கும். இரண்டையும் ஊசி வழியாக ரத்தக் குழாய்க்குள் ஏற்றுவோம்.

எதற்கு இரண்டு என்று நான் வந்த புதிதில் கேட்டேன். டாக்டர் சிரித்தார். "சாப்பாட்டு இலையைப் பாத்திருக்கியா? ரசத்தை ஊத்தினா நிக்குதா? நாலு பக்கமும் ஓடும். கெட்டிக் கஞ்சியை ஊத்து, ஊத்தின இடத்துலயே நிக்கும். உடம்பும் அப்படித்தான்."

அவர் சொன்னதை நான் இப்படி விளங்கிக்கொண்டேன். உப்புத் தண்ணீர் ரத்தக் குழாய்க்குள் தங்காது. கொஞ்ச நேரத்தில் பெரும்பகுதி குழாய்ச் சுவரைத் தாண்டிச் சதைக்குள் பரவிவிடும். வாந்தியும் பேதியுமாகி உடம்பு முழுக்க வற்றிப்போன நாய்க்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் அது இழந்ததும் உப்பும் தண்ணீரும்தான். அன்றைக்குக் காலையில்கூட வாந்தியெடுத்து வந்த ஒரு குட்டிக்குத் தோலுக்கடியில் ரசம் ஏற்றி அனுப்பியிருந்தோம். வந்தபோது தோலைக் கிள்ளி விட்டால் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது, போகும்போது படிந்துவிட்டது. ரத்தமே கொட்டிப்போன நாயின் கதை வேறு. குழாய் காலியாகி நாடி விழும்போது, குழாய்க்குள்ளேயே நிற்கிற சரக்கு வேண்டும். பிசின் கனத்த சரக்கு. சுவரைத் தாண்டாது, தன்னோடு தண்ணீரையும் பிடித்து நிறுத்தி வைக்கும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் கஞ்சியையே ஏற்றிவிடலாமே என்றேன். "அது வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. சீக்கிரம் கிளம்பாது" என்றார் டாக்டர். பிசின் ஈரலில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். சில நாய்களுக்கு முதல் சொட்டிலேயே ஒவ்வாமல் முகம் வீங்கி, உதறல் எடுக்கும். அதனால் கஞ்சி பாட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும்.

அன்று மத்தியானம் வாசலில் ஜட்கா வந்து நின்ற வேகத்திலேயே விஷயம் கெட்டது என்று தெரிந்தது. ஜட்காக்காரர் இரண்டு கையிலும் ஒரு நாயை ஏந்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். பின்னால், குளத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமி ஒருத்தி. தெருவில் எதிரே நாய் வந்தால் ஒதுங்கிப் போகிற வகை என்று நான் நினைத்திருந்த மாமி. புடவையின் முன்பக்கம் முழுக்க ரத்தம்.

"டாக்டரு நைனா, இத்தப் பாரு, இத்தப் பாரு. குறுக்க வந்து பூந்துச்சி. நான் கடிவாளத்த இஸ்துப் புட்ச்சேன், குதுர நிக்கல."

"அவனைத் திட்டறதுக்கு எனக்கு இப்போ நேரமில்லை" என்றாள் மாமி. "டாக்டர், இது எங்காத்து நாய் இல்லை, என் பிள்ளையோடது. பட்டாளத்துலேர்ந்து சனிக்கிழமை வரான். போறச்சே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுண்டான், இதைப் பாத்துக்கோம்மான்னு. நான் இதைத் தொட்டதுகூடக் கிடையாது. வாசல்ல வெச்சுச் சாதம் போடுவேன், அவ்வளவுதான். இன்னிக்குத்தான் தூக்கினேன்."

நாட்டு நாய், பழுப்பு நிறம். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் பின்தொடையின் உட்பக்கத்தைக் கிழித்திருந்தது. டாக்டர் விரலை உள்ளே விட்டு ரத்தக் குழாயைப் பிடித்துக்கொண்டார், நான் நூலை நீட்டினேன், கட்டினார். பீய்ச்சல் நின்றது. ஆனால் அதற்குள் எவ்வளவு போயிருக்கும் என்பதை மாமியின் புடவையும் ஜட்காவின் வைக்கோலும்தான் சொல்ல வேண்டும். நாயின் காது சில்லென்று இருந்தது. டாக்டர் அதன் ஈறைக் கட்டைவிரலால் அமுக்கி எடுத்தார். நல்ல உடம்பாக இருந்தால் வெளுத்த இடம் உடனே சிவக்கும். இது வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. இதயம் தறிகெட்டு ஓடியது.

"ரத்தமே ஏத்தினா உத்தமம்" என்றார் டாக்டர் என்னிடம். "குடுக்கறதுக்கு ஒரு பெரிய நாய் வேணும். அடையாறு வரைக்கும் போய் நம்ம பழைய ஆளுகிட்ட கேட்டு ஓட்டிட்டு வரணும். அதுவரைக்கும் இது தாங்காது."

ஜட்காக்காரர் சட்டைக் கையைச் சுருட்டினார். "என் ரத்தத்த எடு, நைனா."

"உன்னுது ஆகாதுப்பா."

"அப்ப என் குதுரயோடது? எம்மாம் பெர்ய ஒடம்பு, அத்தினி ரத்தம் கீது அதும்மேல. அதுதான் பண்ணுச்சி, அதுவே குடுக்கட்டும்."

"நாய்க்கு நாய் ரத்தம்தான். வேற ஜாதி ரத்தம் போனா அப்பவே செத்துரும்."

"நாயிக்கும் ஜாதி கீதா!" என்றார் ஜட்காக்காரர். மாமி அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

கஞ்சி ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. டாக்டர் அதைக் கடைசிக்கென்று நிறுத்தி வைத்துவிட்டு, ரசத்தில் ஆரம்பித்தார். அது கையில் தயாராக இருந்தது, இதமான சூட்டில் இருந்தது, ஒவ்வாமை என்ற பயம் இல்லை. போன ரத்தத்தைப் போல மூன்று பங்கு ஏற்றினால்தான் ஒரு பங்கு குழாயில் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. முன்னங்காலில் ரத்தக் குழாய் தட்டையாக ஒட்டிப்போயிருந்தது. தோலைச் சிறிது அறுத்து, குழாயைக் கண்ணால் பார்த்துத்தான் ஊசியைச் செருக முடிந்தது. பாட்டிலை ஆணியில் மாட்டினேன். சிவப்பு ரப்பர் குழாயில் ரசம் இறங்கியது.

நாய் பிழைத்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒரு பாட்டில் இறங்கி இரண்டாவது பாதி ஆனபோது ஈறில் லேசாக ஒரு ரோஜா நிறம் வந்தது. கண்ணைத் திறந்து மாமியைப் பார்த்தது. மாமி வாய்க்குள் ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்தாள். ஜட்காக்காரர் வாசலுக்குப் போய்க் குதிரையிடம், "தப்ச்சே போ!" என்றார்.

பிறகு அது விழ ஆரம்பித்தது. ரத்தம் எங்கும் கசியவில்லை, கட்டு உலர்ந்துதான் இருந்தது. ஆனாலும் அடிபடாத தொடையின் உள்பக்கம் டாக்டர் வைத்திருந்த விரலுக்கடியில் நாடி மெலிந்துகொண்டே போயிற்று. அவர் முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டேன். ஈறு மறுபடி வெளுத்தது. அறுத்த காலைச் சுற்றிச் சதை மட்டும் ஊறின மாதிரி லேசாக உப்பியிருந்தது. உள்ளே போன தண்ணீர் குழாயை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "ரசம் நிக்கலப்பா. இனிமே கஞ்சிதான். சூடு பண்ணி எடுத்துட்டு வா. சீக்கிரம்."

நான் உள்ளறைக்கு ஓடினேன். மேல்தட்டிலிருந்து பாட்டிலை இறக்கி, வெந்நீர் நிறைந்த அண்டாவில் நிறுத்தினேன். பிசின் கரைசல் சில்லென்று இருந்தால் குழாயில் இறங்க மறுக்கும். அவசரப்பட்டு அடுப்பில் வைத்தால் பாட்டில் விரியும். அதற்கென்று உள்ள நேரத்தை அதற்குக் கொடுத்தே ஆகவேண்டும். அந்த நேரத்தில் முன்னறையில் மாமி ஜட்காக்காரர் காதில் எதையோ சொன்னதும், வாசலில் ஜட்கா கிளம்பின சத்தமும் எனக்குக் கேட்டன. ஓடிப்போகிறான் என்று நினைத்தேன். பாவம், போகட்டும் என்றும் நினைத்தேன்.

பாட்டில் சூடானதும் டாக்டரைக் கூப்பிட்டேன். கஞ்சியை அவர் கண்ணால் பார்க்காமல் நான் மாட்டக் கூடாது. நாள்பட்ட பாட்டிலில் பூஞ்சைத் திரி மிதக்கலாம். கலங்கலுக்குள் அது தெரியாது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சுழற்றினால்தான் தெரியும். அவர் ரசத்தை மெல்ல இறங்கும்படி வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஜன்னலருகே பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

முன்னறையில் ஒரு இருமல் கேட்டது. மனிதர் இருமல் இல்லை.

ஓடிவந்து பார்த்தால், மாமி மேஜைமேல் குனிந்திருக்கிறாள். இடது கையால் நாயின் தாடையைப் பிடித்து, வலது கையால் பித்தளைக் கிண்டியின் மூக்கை அதன் வாய்க்குள் சாய்த்துக்கொண்டிருக்கிறாள். ஜட்காக்காரர் நாயின் தலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். கிண்டியிலிருந்து வெள்ளையாக, ஆவி பறக்க, அரிசிக் கஞ்சி.

"ஒரு வாய்டா, கொழந்தே, ஒரே ஒரு வாய்..."

டாக்டர் கிண்டியைத் தட்டிவிட்டார். அது தரையில் உருண்டது. பின்னங்கால்களைச் சேர்த்துப் பிடித்து நாயின் பின்பாதியைத் தூக்கித் தலையைத் தொங்கவிட்டார். நான் விரலில் துணியைச் சுற்றி நாக்குக்குப் பின்னால் துழாவி எடுத்தேன். நாக்கு நீலம் பாரித்திருந்தது. சிரிஞ்சியில் ரப்பர் குழாயைப் பொருத்தித் தொண்டையில் விட்டு உறிஞ்சினார் டாக்டர். சோற்றுப் பருக்கையும் சளியும் வந்தது. நாய் மூச்சு விடவில்லை. மார்பைத் தட்டினார். விடவில்லை. சந்து முனையில் டிராம் மணி அடிப்பது மட்டும் எங்கோ கேட்டது. பிறகு ஒரு விக்கல் மாதிரி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு மூச்சு. அப்புறம் இன்னொன்று, கரகரவென்று.

"நினைவு தெளியாத உயிருக்கு வாயில ஊத்தலாமா, மாமி?" டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மாமி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "நீங்கதானே சொன்னேள்! ரசம் நிக்கலை, இனிமே கஞ்சிதான், சூடா, சீக்கிரம்னு நீங்கதானே சொன்னேள்? பாட்டில்ல ஏதோ ரசம் மாதிரி குடுத்தேள் போலருக்கு, தங்கலையாக்கும்னு நினைச்சேன். அடுப்புல கஞ்சி இருந்தது, கொண்டுவரச் சொன்னேன். ரேஷன் அரிசின்னாலும் நன்னாக் கல்லு பொறுக்கித்தான்..."

"நான்தாம்பா இட்டாந்தேன்" என்றார் ஜட்காக்காரர். "சிந்தாம இட்டாரணுமேன்னு ஒத்த கைல புட்ச்சிகினு ஓட்டியாந்தேன். கஞ்சி எப்டிப்பா ஆகாமப் பூடும்? காச்சல்ல கெடக்கற புள்ளைக்குக்கூட அத்தத்தான குடுப்போம்!"

டாக்டர் கையிலிருந்த சிரிஞ்சியைப் பார்த்தார், பிறகு மாமியைப் பார்த்தார். "தப்பு உங்க பேர்ல இல்ல. என் வாய். நாங்க அந்தப் பாட்டிலைக் கஞ்சின்னு சொல்றது வழக்கம்" என்றார். இதற்குமேல் விளக்க நேரம் இல்லை. நாடி இருக்கிறதா என்றே சந்தேகமாகிவிட்டது.

எங்கள் கஞ்சியை மாட்டினேன். முதலில் சொட்டுச் சொட்டாக மட்டும். டாக்டர் ஒரு கையை நாடியிலும் ஒரு கையை நாயின் முகத்திலும் வைத்துக்கொண்டார். உதடு தடிக்கிறதா, இமை வீங்குகிறதா, தோல் சிலிர்க்கிறதா? ஒவ்வொரு சொட்டுக்கும் நான் நாயின் முகத்தைப் பார்த்தேன். ஒருமுறை அதன் தோள் துடித்தது. நான் குழாயை நெரிக்கப் போனேன். "இரு, அது ஈ" என்றார் டாக்டர். ஈதான். ஜட்காக்காரர் உடனே துண்டை எடுத்து விசிற ஆரம்பித்தார். அன்றைக்கு அந்த மனிதருக்குச் செய்ய ஏதோ ஒரு வேலை கிடைத்தது.

வீக்கம் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டோம். அதற்கும் ஒரு அளவு உண்டு. நிற்கிற சரக்கை ஒரேயடியாகக் கொட்டினால் இதயம் தாங்காது, கழுத்து நரம்பு புடைக்கும், நுரையீரலில் நீர் கோக்கும். ஏற்கனவே மார்பில் கஞ்சி இறங்கியிருக்கிற நாய் இது. டாக்டர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பதும் எனக்குச் சைகை காட்டுவதுமாக இருந்தார். மெல்ல. இன்னும் மெல்ல. சரி, விடு.

காதுதான் முதலில் மாறியது. சில்லிப்பு விட்டிருந்தது. ரசத்துக்கும் இப்படித்தான் ஆயிற்று என்பதால் ஒருவரும் சந்தோஷப்படவில்லை. ரோஜா நிறமும் வந்தது. விழப்போகிறது, விழப்போகிறது என்று காத்திருந்தோம். பாட்டில் முடிந்தது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிப் போயிற்று. டாக்டர் நாடியிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

திடீரென்று ஜட்காக்காரர் அலறினார். "ஐயோ, பூட்ச்சே! ஐரம்மா, பூட்ச்சே!"

நாயின் அடியில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. மேஜையில் ஓடி, விளிம்பைத் தாண்டி, நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்த மாமியின் புடவையில் வழிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். சாகிற பிராணிக்குக் கடைசியில் எல்லாம் தளர்ந்து ஒன்றுக்குப் போய்விடும், மனிதர்களும் அப்படித்தான். மாமி அதைத் தெரிந்தவள். "போயிடுத்தா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

டாக்டர் விரல் நாடியில்தான் இருந்தது. அவர் என் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் வைத்தார். விரலைத் தள்ளுகிற மாதிரி அடித்தது.

"போகல, மாமி. பெஞ்சிருக்கு" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "ரத்தம் பத்தாதப்ப உடம்பு மொதல்ல சிறுநீரைத்தான் நிறுத்தும். மூத்திரப்பைல ஒரு சொட்டுகூட இல்லாம வயிறு ஒட்டிக் கிடந்தது, நான் தொட்டுப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இப்ப சிறுநீரகத்துக்கு ரத்தம் போய்ச் சேர்ந்திருக்கு. இது நின்னிருக்கு, மாமி. ஓடல, நின்னிருக்கு."

"ஒண்ணுக்கு வுட்டதுக்கா இம்மாஞ் சந்தோசம்?" என்றார் ஜட்காக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கூட்ல புள்ளைங்க தெனம் வுடுதுங்க, ஒத வாங்குதுங்க."

மாமி புடவையை உதறவில்லை. நாயின் தலையை விட்டுக் கையை எடுக்கவும் இல்லை. "நன்னாப் போகட்டும்" என்றாள். பிறகு டாக்டரிடம் மெதுவாகக் கேட்டாள்: "அவன் வரச்சே இது இருக்குமா?"

இப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் டாக்டர் சொல்கிற பதில் எனக்கு மனப்பாடம். பார்க்கலாம், ஆண்டவர் சித்தம். அன்று அதைச் சொல்லவில்லை. "இருக்கும்" என்றார். உள்ளறைக்குப் போனார். நான் பின்னால் போனபோது குழாயடியில் வெறுமனே கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார், தண்ணீரைத் திறக்காமல். "மார்ல கஞ்சி இறங்கியிருக்குடா. நாளைக்குக் காய்ச்சல் வரும்" என்றார் என்னிடம். "எதுக்கு அப்படிச் சொன்னேன்?"

காய்ச்சல் வந்தது. கிருமியைக் கொல்லும் சல்பா மாத்திரையைப் பொடி செய்து கொடுத்தோம். அடையாற்றிலிருந்து பெரிய நாயை வரவழைத்து ரத்தமும் ஏற்றினோம். மாமி தினமும் வந்து, வெறுங்கையோடு, எதையும் கொண்டுவரவில்லை என்று கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். ஒவ்வொரு நாளும் நெஞ்சில் காதை வைக்கும்போது டாக்டர் முகம் அந்த மத்தியானத்து முகமாகவே இருந்தது. சனிக்கிழமை நாய் இருந்தது. எழுந்து நிற்கத் தெம்பில்லை. மேஜைக்குப் பக்கத்தில் சாக்கில் படுத்தபடி, பட்டாளத்து பூட்ஸ் சத்தம் சந்தில் திரும்பியதுமே வாலால் தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது.